குடிநீர் நிறுத்த அறிவிப்பு: ஊரிலிருந்து வரும் செய்திக் குறிப்பைப் படிப்பதும் எழுதுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றின் குடிநீர்ப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஆணையரின் பெயரில் வெளிவரும் செய்திக் குறிப்புகளின் முதல் வரைவைப் பலமுறை நான்தான் எழுதினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் ஊர்த் தொழிலாளர்களைச் சந்திக்கும்போது அவர்கள் கைத்தொலைபேசியில் வந்த அத்தகைய குறிப்புகளைக் காட்டி விளக்கம் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பு பயிலும் இங்குள்ள மாணவர்களும் அதே ஐயங்களோடு வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

"ஆணையர் தெரிவித்துள்ளார்னு போட்டிருக்கே, அது போலீஸ் கமிஷனரா?"

இல்லை. இவர் நகராட்சி அல்லது மாநகராட்சியின் நிர்வாகத் தலைவர். மேயரும் மன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆணையர் அரசால் அமர்த்தப்படும் அதிகாரி. குழாயை எப்போது அடைப்பது என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்தாலும், மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு ஆணையருடையது. சென்னையில் மட்டும் குடிநீரைத் தனி வாரியம் கவனிப்பதால், அங்கே இத்தகைய அறிவிப்பு மாநகராட்சி ஆணையரிடமிருந்து வருவதில்லை.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் நகராட்சி ஆணையர்கள் இருந்தார்கள். 1951இல் அந்த அமைப்பு நகர மன்றமாக மாறியது; 1963இல் குடிநீர்ப் பொறுப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு வந்தது. அதனால்தான் இங்கு வளர்ந்தவர்களுக்கு 'ஆணையர்' என்றதும் காவல்துறை நினைவுக்கு வருகிறது.

"செவ்வாய் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை பராமரிப்புப் பணின்னு இருக்கு. சாயங்காலம் தண்ணி வந்துடும்னு அம்மாகிட்ட சொல்லிடலாமா அண்ணே?"

சொல்ல வேண்டாம் தம்பி. அந்த 12 மணி நேரம் வேலை நடக்கும் நேரம். குழாயில் தண்ணீர் வராத நேரம் அதைவிட மிக நீளமானது. இந்த ஒரு குழப்பத்தால்தான் எத்தனையோ வீடுகளில் குடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

சிங்கப்பூரில் குழாய் எப்போதும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கிறது. அடைத்தால் நிற்கும், திறந்தால் வரும். ஊரில் பெரும்பாலான நகரங்களில் தண்ணீர் முறை வைத்து வருகிறது: ஒரு பகுதிக்கு ஒரு நாள், அடுத்த பகுதிக்கு மறுநாள், அதுவும் ஓரிரு மணி நேரம் மட்டும். ஆகவே உங்கள் தாயாருக்குத் தெரிய வேண்டியது வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பது இல்லை. அவருடைய முறை அந்த வேலையில் சிக்குகிறதா, சிக்கினால் அடுத்த முறை எந்த நாள் என்பதுதான். தொலைபேசியில் முதலில் "கடைசியாக என்றைக்குத் தண்ணீர் வந்தது?" என்று கேளுங்கள். ஊர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதையும் மறக்க வேண்டாம். குறிப்பில் இருப்பது ஊர் நேரம்.

"பகல் முழுக்க வேலை செஞ்சு முடிச்சிடுறாங்க. அப்புறம் ஏன் மறுநாள் வரைக்கும் தண்ணி வரலை?"

ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை நீரேற்று நிலையத்திலிருந்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குச் செல்லும் உந்து குழாயில் விரிசல். ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய குழாயைப் பொருத்த வேண்டும். அந்தத் தொட்டி இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 மணி வரை நிரம்பி, காலை 6 மணிக்குத் தெருக்களுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். வார்டு 14, 15க்கு ஒரு நாள். 16, 17க்கு மறுநாள். செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு வெட்டத் தொடங்க வேண்டுமானால், திங்கள் இரவு 10 மணிக்கே மோட்டார்களை நிறுத்திவிட்டு, குழாயில் நிற்கும் நீரை வடிக்க வேண்டும். நீர் கசிந்துகொண்டிருக்கும் குழாயில் பற்றவைப்பு பிடிக்காது.

வடிந்த குழாயை மீண்டும் நிரப்புவதற்கும் நேரம் எடுக்கிறது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 3 கிலோமீட்டர் நீளத்தை வடித்தால், ஏறத்தாழ எட்டரை லட்சம் லிட்டர் தண்ணீர் உள்ளே செல்ல வேண்டும். காற்று வெளியேறுவதற்கு இடம் கொடுத்து மெதுவாக நிரப்பாவிட்டால், பொருத்திய இணைப்பே பிய்த்துக்கொள்ளும். அதன்பின் மண்ணும் துருவும் போகும்வரை வெளியே ஓடவிட்டு, குளோரின் அளவைப் பார்க்க வேண்டும். மாலை 6 மணிக்கு வேலை முடிந்தால் இவையெல்லாம் முடிய இரவு 11 ஆகும்; தொட்டி நிரம்ப அதிகாலை 5 ஆகும். திங்கள் இரவு தொட்டி நிரம்பாததால் செவ்வாய் முறை போய்விடுகிறது. அடுத்து தண்ணீர் திறக்கப்படுவது புதன் காலை 6 மணிக்குத்தான்.

"அப்படின்னா செவ்வாய்க்கிழமை முறைக்காரங்களுக்குப் புதன்கிழமை கிடைக்குமா, இல்ல வியாழன் வரைக்கும் காத்திருக்கணுமா?"

அதை முடிவு செய்து எழுத வேண்டியது ஆணையரின் அலுவலகம். பெரும்பாலான குறிப்புகள் மௌனமாக இருக்கும் இடமும் இதுதான். வார்டு 14, 15க்குக் கடைசியாக ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. செவ்வாய் முறையை அப்படியே விட்டுவிட்டு, புதனன்று வழக்கம்போல் 16, 17க்குத் திறந்தால், 14, 15க்கு வியாழன்தான். நான்கு நாள் இடைவெளி. எல்லா முறைகளையும் ஒரு நாள் தள்ளினால் 14, 15க்குப் புதன், 16, 17க்கு வியாழன். எல்லோருக்கும் மூன்று நாள் இடைவெளி.

நான் இரண்டாவதையே விரும்புகிறேன். நான்கு நாள் தாங்கும் அளவுக்குக் குடம் வைத்திருக்கும் ஏழை வீடு அரிது. ஆனால் எதைத் தேர்ந்தாலும், வார்டு எண்ணுக்கு எதிரே நாளை எழுதிவிட வேண்டும். "வழக்கம்போல் விநியோகம் செய்யப்படும்" என்று முடித்தால், எந்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. புதனன்று இரண்டு பகுதியினரும் குழாயடியில் நிற்பார்கள். நான் எழுதிய ஒரு வரைவிலேயே இந்தப் பிழை நேர்ந்தது. மறுநாள் வால்வு திறக்கப் போன ஊழியரைத் தெருவில் மறித்துக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

"எங்க புளோக்ல தண்ணீர்த் தொட்டி கழுவும்போது மின்தூக்கிப் பக்கத்துல ஓர் அறிவிப்பு ஒட்டுவாங்க. அதே மாதிரி நாள், நேரம் மட்டும் எழுதினா போதாதா சார்?"

இங்கே போதும், ஏனென்றால் இங்கே வேலை நேரமும் நீரில்லா நேரமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு புளோக், ஒரு தொட்டி, ஒரே அறிவிப்பு. படிக்கிறவர் தம் புளோக் எண்ணை அறிந்தவர். ஊர்க் குறிப்புக்கு அந்த வசதிகள் இல்லை என்பதை மேலே கண்டோம். ஆகவே அதில் மூன்று நேரங்கள் தனித்தனியே வேண்டும்: மோட்டார் நிற்கும் நேரம், வேலை முடிய எதிர்பார்க்கும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம். இடம் குறைவென்றால் முதல் இரண்டையும் விட்டுவிடலாம். மூன்றாவதை விடக் கூடாது.

"எத்தனை நாளைக்கு முன்னாடி அறிவிப்பு வரணும்?"

நாளைக் கணக்கிட வேண்டாம், முறையைக் கணக்கிடுங்கள். செவ்வாய் நிறுத்தத்தை ஞாயிறு மாலை அறிவித்தால், பார்ப்பதற்கு இரண்டு நாள் அவகாசம் போலத் தோன்றும். ஆனால் வார்டு 14, 15க்கு அன்று காலையே தண்ணீர் வந்து போய்விட்டது, இனிச் சேமிக்க வழியில்லை. கடைசி முறைக்கு முன் செய்தி வீட்டை அடைந்திருக்க வேண்டும். ஞாயிறு காலை முறை என்றால் சனிக்கிழமை நாளிதழில் வர வேண்டும். அதற்கு வெள்ளி பிற்பகலுக்குள் குறிப்பு செய்தியாளர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

ஒரு வாரத்துக்கு முன்பே வெளியிட்டால் மறந்துவிடுவார்கள் என்பதால், சனி மாலை வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துத் தெருக்களில் சொல்லச் செய்வதும் உண்டு. நாளிதழ் படிக்காத, கைத்தொலைபேசி இல்லாத மூதாட்டிக்கு அதுவே அறிவிப்பு.

"'குடிநீர் விநியோகம் பாதிக்கப்படும்'னு எழுதுறதுல என்ன தவறு? எல்லா நாளிதழ்லயும் அப்படித்தானே வருது?"

'பாதிக்கப்படும்' என்பது குறைவாக வருமா, தாமதமாக வருமா, வராதா என்று சொல்வதில்லை. வராது என்றால் 'இருக்காது' என்று எழுதுங்கள். குறைந்த அழுத்தத்தில் வரும் என்றால் அதையே எழுதுங்கள். மாடி வீட்டார் புரிந்துகொள்வார்கள். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்பதும் அப்படிப்பட்டதே. குழாயில் விரிசல், துண்டு மாற்றுகிறோம் என்று காரணத்தைச் சொன்னால், மக்கள் வேலையின் நீளத்தைத் தாமே உணர்ந்துகொள்கிறார்கள்.

'இரவு 12 மணி' என்று ஒருபோதும் எழுத வேண்டாம்; அது செவ்வாயின் தொடக்கமா முடிவா என்று இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்வார்கள். 'இரவு 11.30' என்று எழுதினால் சிக்கல் இல்லை. தேதியோடு கிழமையும் வேண்டும். மொழிபெயர்ப்பு மாணவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பவர்கள் நாளைக் கிழமையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

"மாற்று ஏற்பாடுன்னா லாரியில தண்ணி வழங்கப்படும்னு ஒரு வரி போட்டுட்டா ஆச்சா?"

ஆகாது அக்கா. எங்கே, எத்தனை மணிக்கு, வீட்டுக்கு எத்தனை குடம் என்று சொல்லாவிட்டால், லாரியைத் தேடி ஓட முடிந்தவருக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கும்.

கணக்கை வரைவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பேரிடர்க் காலங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்ற அளவு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஒரு பிளாஸ்டிக் குடமும் ஏறக்குறைய 15 லிட்டர்தான். நால்வர் உள்ள வீட்டுக்கு 4 குடம். நம் எடுத்துக்காட்டில் வார்டு 14, 15இல் சொந்தத் தொட்டியோ ஆழ்துளைக் கிணறோ இல்லாத வீடுகள் 300 என்று வைத்துக்கொண்டால், 1,200 குடம், அதாவது 18,000 லிட்டர் தேவை. 9,000 லிட்டர் லாரி இரண்டு நடை வர வேண்டும். நடைக்கு இரண்டு இடம் என்றால் நான்கு இடம், இடத்துக்கு 75 வீடு, 300 குடம். லாரியில் நான்கு குழாய்கள் இருந்து, குடம் அரை நிமிடத்தில் நிரம்பினால் 40 நிமிடத்துக்குள் முடியும். நெரிசலுக்கும் வாக்குவாதத்துக்கும் இடம் விட்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நடை முடிந்து லாரி மறுபடி நிரம்பிவரும் நேரத்தையும் சேர்த்தால், காலை 7 மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடியும்.

கூலி வேலைக்குச் செல்வோர் உள்ள இடத்துக்கு முதலில் போக வேண்டும். 8 மணிக்குப் பின் அங்கே வீட்டில் ஆளிருக்காது. மருத்துவமனைகளுக்கு இந்தப் பட்டியலிலிருந்து எடுக்காமல் தனி லாரி வைப்பது வழக்கம்.

"எல்லாத்தையும் சேர்த்து ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?"

மேலே கண்ட கற்பனை நகரத்துக்கே எழுதுகிறேன். இடப்பெயர்களை அந்தந்த ஊருக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ள வேண்டும்.

*செய்திக் குறிப்பு, நாள்: 07.03.2025, வெள்ளிக்கிழமை.*

*வார்டு 14, 15இல் 11.03.2025 செவ்வாய்க்கிழமை குடிநீர் விநியோகம் இருக்காது. இந்த வார்டுகளுக்கு 12.03.2025 புதன்கிழமை காலை 6 மணிக்குக் குடிநீர் வழங்கப்படும். வார்டு 16, 17க்குப் புதன்கிழமைக்குப் பதிலாக 13.03.2025 வியாழக்கிழமை காலை 6 மணிக்கு வழங்கப்படும். அதன் பின்னர் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற முறை இந்த நாள்களிலிருந்து தொடரும்.*

*தலைமை நீரேற்று நிலையத்திலிருந்து வரும் உந்து குழாயில் ஏற்பட்டுள்ள விரிசலைச் சரிசெய்ய, 10.03.2025 திங்கள்கிழமை இரவு 10 மணிக்கு மோட்டார்கள் நிறுத்தப்படுகின்றன. பணி செவ்வாய் மாலை 6 மணிக்கு முடியும் என எதிர்பார்க்கப்படுகிறது. குழாயையும் தொட்டியையும் நிரப்ப மேலும் 11 மணி நேரம் தேவை.*

*செவ்வாய்க்கிழமை குடிநீர் லாரி நிற்கும் இடங்கள்: (முதல் இடம்) காலை 7 முதல் 8 வரை, (இரண்டாம் இடம்) 8.30 முதல் 9.30 வரை, (மூன்றாம் இடம்) 11 முதல் 12 வரை, (நான்காம் இடம்) பிற்பகல் 12.30 முதல் 1.30 வரை. வீட்டுக்கு 4 குடம் கட்டணமின்றி வழங்கப்படும். நடக்க இயலாத முதியோர் உள்ள வீடுகள் திங்கள் மாலைக்குள் (தொலைபேசி எண்) தொடர்பு கொண்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்.*

*வார்டு 14, 15இல் உள்ளோர் ஞாயிறு காலையும், வார்டு 16, 17இல் உள்ளோர் திங்கள் காலையும் மூன்று நாள் தேவைக்குச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பணியில் தாமதம் ஏற்பட்டால் செவ்வாய் மாலை 7 மணிக்குள் மறு அறிவிப்பு வெளியிடப்படும். ஆணையர், நகராட்சி.*

முதல் வாக்கியத்திலேயே யாருக்கு, என்றைக்கு என்பது வந்துவிட்டதைக் கவனியுங்கள். செய்தியாளர் இடமின்றிப் பின்பகுதியை வெட்டினாலும் முதல் பத்தி தப்பிவிடும்.

"எங்க தெரு வார்டு 18. ஆனா பக்கத்துத் தெருவுல தண்ணி நின்னப்ப எங்களுக்கும் நின்னுடுச்சே, குறிப்புல எங்க பேரே இல்லையே?"

தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. உங்கள் வீட்டுக்கு எந்தத் தொட்டியிலிருந்து குழாய் வருகிறது என்பதே கணக்கு. வார்டு 18இன் ஓரத் தெருக்கள் சில, வார்டு 17க்கான தொட்டியோடு இணைந்திருக்கக்கூடும். வார்டின் எல்லைக் கோட்டை வரைபடத்தில் பார்த்து எழுதுபவருக்கு இது தென்படாது. தினமும் வால்வு திறக்கும் ஊழியருக்குத் தெரியும். வரைவை அவரிடம் வாசித்துக் காட்டிய பின்பே அனுப்ப வேண்டும் என்பதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அத்தகைய தெருக்களைக் குறிப்பில் பெயர் சொல்லித் தனியே சேர்க்க வேண்டும்.

"வேலை சொன்ன நேரத்துல முடியலைன்னா என்ன செய்வாங்க?"

மண்ணைத் தோண்டிய பிறகுதான் விரிசலின் உண்மையான நீளம் தெரியும். ஆகவே தாமதம் எப்போதும் நேரக்கூடியது. மாதிரியில் 'மாலை 7 மணிக்குள் மறு அறிவிப்பு' என்ற வரி அதற்காகவே. மறு அறிவிப்பில் மன்னிப்போடு நிறுத்தாமல், புதிய நாளையும் புதன் காலைக்கான லாரி நேரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால், "இரவு 10 மணிக்கு அடுத்த தகவல்" என்று சொல்வது, முடியாத நேரத்தை வாக்களிப்பதைவிட நேர்மையானது.

"தண்ணி வந்தப்ப கலங்கலா, மண்வாசனையோட வந்துச்சு. அம்மா அதைக் குடிக்கலாமா?"

முதலில் வரும் நீரைக் குடிக்க வேண்டாம். காலியாக இருந்த குழாயில் வேகமாக ஓடும் நீர், சுவரில் ஒட்டியிருந்த துருவையும் வண்டலையும் பெயர்த்துக்கொண்டு வரும். தெளியும்வரை வாளியில் பிடித்து, கழிவறைக்கோ தரை கழுவவோ பயன்படுத்தலாம். தெளிந்த பின்னும் முதல் நாள் நீரை நன்கு கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது. லேசான குளோரின் வாசனை வந்தால் அஞ்ச வேண்டாம். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு.

மணிக்கணக்கில் ஓடவிட்டும் தெளியாமல், சாக்கடை வாசனை அடித்தால் அது வேறு விஷயம். கொதிக்கவைத்தும் குடிக்க வேண்டாம். உடனே நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

"தண்ணி மெதுவா வருதுன்னு பக்கத்து வீட்டுல மோட்டாரைக் குழாயிலேயே மாட்டி இழுக்கிறாங்க. எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்துடட்டுமா?"

தயவுசெய்து வேண்டாம். அரைகுறையாக நிரம்பிய குழாயிலிருந்து மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. பழைய இணைப்பு ஏதேனும் சாக்கடைக்கு அருகில் விட்டுப்போயிருந்தால், அந்த ஓட்டை வழியாக வெளியே நிற்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். அது மோட்டார் வைத்த வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அந்தத் தெருவில் உள்ள குழந்தைகள் அனைவரும் குடிக்கும் நீரில் கலக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன சாக்கடை வாசனை பல நேரங்களில் இப்படித்தான் வருகிறது.

குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பதற்கு அனுமதி இல்லை. கண்டுபிடித்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். அனுப்ப நினைத்த பணத்தில் தரைமட்டத்தில் ஒரு 500 லிட்டர் தொட்டி வாங்கித் தாருங்கள். குழாய் நீர் தானாக அதில் விழட்டும். அங்கிருந்து மாடிக்கு ஏற்ற மோட்டார் வைப்பதில் யாருக்கும் கேடு இல்லை. நாளுக்கு 60 லிட்டர் என்ற கணக்கில் அது ஒரு வாரத்துக்கும் மேல் தாங்கும். ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்த தொட்டியில் டெங்கிக் கொசு முட்டையிடும் என்பதை இங்கே வாழும் நமக்குச் சொல்லத் தேவையில்லை.